உச்சிக்குழி ஸ்கேன்: கோராய்டா, ரத்தக்கசிவா?

ரேடியாலஜி முதுநிலைத் தேர்வின் செய்முறையில் எனக்கு வந்தவை, 28 வாரத்தில் பிறந்த குழந்தைக்கு மூன்றாம் நாளில் உச்சிக்குழி வழியாக எடுத்த ஸ்கேன் படங்கள். கோரானல் படத்தில் இடப்பக்க வென்ட்ரிக்கிளின் தரையை ஒட்டி வெள்ளையாக ஒரு சிறு உருண்டை தெரிந்தது. கோராய்ட் பிளெக்சஸும் புதிய ரத்தமும் ஒரே வெண்மையில் தெரியும் என்பதால், நிறத்தை வைத்து மட்டும் விடை சொல்ல முடியாது. இடத்தை வைத்துத்தான் சொல்ல வேண்டும்.

அந்த இடத்தை சாகிட்டல் படத்தில் தேட வேண்டும். முன்னால் காடேட், பின்னால் தலாமஸ், இரண்டுக்கும் நடுவே மெல்லிய வெள்ளைக் கோடாகக் காடோதலாமிக் குரூவ். கோராய்ட் பின்னாலிருந்து மெலிந்துகொண்டே வந்து, இந்தக் கோட்டருகே மன்றோ துளை வழியாக மூன்றாம் வென்ட்ரிக்கிளுக்குள் இறங்கிவிடும், முன்கொம்புக்குள் போகாது. குறைமாதக் குழந்தையிடம் மீதமிருக்கும் ஜெர்மினல் மேட்ரிக்ஸ், எளிதில் உடையும் மெல்லிய நாளங்களோடு, காடேட்டின் தலைமேல் இக்கோட்டை ஒட்டியே இருக்கிறது. ஆகவே கோட்டுக்கு முன்னால் தெரியும் வெள்ளை உருண்டையை ரத்தக்கசிவாகவே கொள்ள வேண்டும். என் படத்தில் அது முன்னால்தான் இருந்தது. டாப்ளரில் நிறம் ஏறவில்லை என்பதையும் சேர்த்துச் சொன்னேன். ஆனால் கோராய்டிலும் மெதுவான ஓட்டம் பதிவாகாமல் போகலாம் என்பதால் அதைத் துணைச் சான்றாக மட்டுமே வைத்தேன்.

இவ்வளவு நிதானம் ஒரு தவறிலிருந்து வந்தது. இரண்டாம் ஆண்டில் பச்சிளங்குழந்தை வார்டில், ஒரு பக்கக் கோராய்ட் பருத்துத் தெரிந்ததைக் கண்டு ஜெர்மினல் மேட்ரிக்ஸோடு நின்றுவிடும் முதல் நிலைக் கசிவு என்று எழுதிவிட்டேன். பேராசிரியர் புரோப்பைச் சற்றே நிமிர்த்தியதும் இரு பக்கமும் சமமாகிவிட்டன. அன்றுமுதல், கோரானல் படத்தில் மண்டையோடும் சில்வியன் பிளவுகளும் இருபுறமும் ஒத்திருக்கின்றனவா என்று பார்க்காமல் எதையும் ஒப்பிடுவதில்லை.

முதல் நிலை என்று சொல்லி நிறுத்தியிருந்தால் மதிப்பெண் போயிருக்கும். அடுத்த சாகிட்டல் படத்தில் வென்ட்ரிக்கிளின் பின்கொம்பில் சிறு வெள்ளைத் திட்டு ஒன்று இருந்தது. பின்கொம்பிலும் கோராய்ட் கிடையாது. மல்லாந்து கிடக்கும் குழந்தைக்கு ரத்தம் அங்கேதான் வடியும். வென்ட்ரிக்கிள் விரியாததால், 1978இல் பாபைல் வகுத்த பகுப்பின்படி இது இரண்டாம் நிலை. விரிந்திருந்தால் மூன்றாம் நிலை. பின்கொம்பில் ஐயம் எழுந்தால், பின் உச்சிக்குழியில் புரோப்பை வைத்து நேராகப் பார்க்கலாம்.

அடுத்த ஸ்கேன் எப்போது என்று தேர்வாளர் கேட்டார். இந்தக் கசிவுகளில் பெரும்பாலானவை முதல் மூன்று நாட்களுக்குள் நேர்ந்துவிடுகின்றன. ஆனால் ரத்தக்கட்டி மூளைநீரின் ஓட்டத்தை அடைப்பதால் வரும் வென்ட்ரிக்கிள் வீக்கம் பிறகுதான் தெரியும். எனவே ஒரு வாரத்தில் மறுபடி எடுத்து, வென்ட்ரிக்கிளின் அகலத்தை அதே கோரானல் தளத்தில் அளக்க வேண்டும் என்றேன். அவர் தலையசைத்துவிட்டு அடுத்த படத்தை நகர்த்தினார்.