அம்மாவின் காலுக்கு டாக்டர் எழுதிக்கொடுத்த க்ரீமைத் தொடை இடுக்கில் போட்டேன்

நாலு மாதம் ஆகிவிட்டது, உள்தொடையில் இருக்கும் சிவப்புக் கோடுகள் இப்போதுதான் வெளிற ஆரம்பித்திருக்கின்றன. பிரசவத்துக்குப் பிறகு வயிற்றில் வருமே, அதே மாதிரி வரிவரியாக, விரலால் தடவினால் பள்ளம் தெரியும். நிறம் மங்கும், ஆனால் கோடு முழுசாகப் போகாது என்று டாக்டர் சொல்லிவிட்டார்.

ஆரம்பம் சாதாரண அரிப்புதான். வெயில், வியர்வை, நாள் முழுக்க பைக். வீட்டில் அம்மாவின் குதிகால் எக்ஸிமாவுக்குத் தோல் டாக்டர் எழுதிக்கொடுத்த க்ளோபெட்டசால் என்ற ஸ்டீராய்டு க்ரீம் ட்யூப் மீதி இருந்தது. எடுத்துப் போட்டேன், இரண்டே நாளில் அரிப்பு நின்றது. ட்யூப் தீர்ந்ததும் காலி அட்டையை மெடிக்கல் ஷாப்பில் காட்டினேன். டாக்டர் சீட்டு வேண்டும் என்று அந்த அட்டையிலேயே எழுதியிருக்கிறது, கடைக்காரர் கேட்கவே இல்லை. "இது இன்னும் நல்லா கேட்கும்" என்று அதே க்ளோபெட்டசாலோடு பூஞ்சை மருந்தும் ஆன்டிபயாடிக்கும் கலந்த ஒன்றைக் கொடுத்தார். மூன்று மாதம் அதைத்தான் போட்டேன். நிறுத்தினால் நாலாம் நாள் திரும்ப வரும், ஒவ்வொரு முறையும் கொஞ்சம் பெரிதாக. படர்தாமரைக்கு வழக்கமாக இருக்கும் அந்த வட்ட ஓரம்கூட இல்லாமல் கலங்கிப் போயிருந்தது. ஸ்டீராய்டு சிவப்பையும் அரிப்பையும் அமுக்கிவிடும், அடியில் பூஞ்சை பாட்டுக்குப் பரவிக்கொண்டிருக்கும்.

தோல் டாக்டரிடம் போன முதல் நாள் வீண். தோலைச் சுரண்டி மைக்ராஸ்கோப்பில் பார்க்க வேண்டும் என்றார், நானோ காலையில்தான் க்ரீம் தடவியிருந்தேன். அதில் இருக்கும் பூஞ்சை மருந்தால் பூஞ்சையே இல்லை என்று தப்பாக ரிசல்ட் வரலாம், ஒரு வாரம் எதுவும் போடாமல் வா என்று அனுப்பிவிட்டார். அரை நாள் லீவு போனது. நீங்கள் போவதானால் அப்பாயின்மென்ட் வாங்கும்போதே இதைக் கேட்டுவிடுங்கள், கையில் ட்யூபையும் எடுத்துப் போங்கள்.

அந்த ஒரு வாரம் நரகம். நிறுத்தினதும் அரிப்பும் எரிச்சலும் இரட்டிப்பாக வந்தது, பயந்துபோய் இரண்டு தடவை ட்யூபைக் கையில் எடுத்தேன். போடவில்லை. (உடம்பில் நிறைய இடத்தில் மாதக்கணக்காகப் போட்டவர்கள் டாக்டரைக் கேட்காமல் சட்டென்று நிறுத்தக் கூடாதாம், அது வேறு விஷயம்.) அடுத்த வாரம் சுரண்டிப் பார்த்ததில் பூஞ்சை தெளிவாகத் தெரிந்தது. அப்புறம் மாத்திரை, ஸ்டீராய்டு இல்லாத க்ரீம், இரண்டு மாதத்துக்கு மேல் ஆனது.

எனக்குப் புரியாமல் இருந்தது ஒன்றுதான். அம்மாவுக்கு நல்லது செய்த மருந்து என் தோலை எப்படிக் கெடுத்தது? டாக்டர் சொன்ன கணக்கு மறக்கவே மறக்காது. முன்கையில் ஒரு பங்கு மருந்து உள்ளே போகிறது என்றால் பாதத்தில் ஏழில் ஒரு பங்குதான் போகும். நெற்றியில் ஆறு பங்கு, விதைப்பைத் தோலில் 42 பங்கு. இடுக்கில் தோலும் தோலும் ஒட்டி வியர்க்கும்போது மேலே பிளாஸ்டிக் சுற்றிக் கட்டின மாதிரி, இன்னும் அதிகம் இறங்கும். அம்மாவின் தடித்த குதிகாலுக்கு இரண்டு வாரம் சரியான மருந்து, எனக்கு மூன்று மாதம் விஷம். தோலைத் தாங்கிப் பிடிக்கும் கொலாஜன் புதிதாக உருவாவதை ஸ்டீராய்டு தடுத்துவிடும். முதலில் தோல் வெங்காயச் சருகு மாதிரி பளபளக்கும், அடியில் நரம்பு தெரியும். அந்தக் கட்டத்திலேயே நிறுத்தினால் பெரும்பாலும் திரும்பிவிடும். நான் அதைப் பார்த்தும் "குணமாகிறது" என்று நினைத்துக்கொண்டேன்.

இன்னொன்று, அட்டையில் இருக்கும் சதவீதத்தை நம்பாதீர்கள். நான் 0.05 என்பதைப் பார்த்து மைல்டு என்று நினைத்தேன். ஸ்டீராய்டுகளை வீரியப்படி ஏணியாக அடுக்கினால் 1 சதவீத ஹைட்ரோகார்டிசோன்தான் அடிப்படி, 0.05 சதவீத க்ளோபெட்டசால் உச்சிப்படி. இதில் க்ளோபெட்டசோன் என்று வேறொன்றும் இருக்கிறது, அதுவும் 0.05 தான், ஆனால் நடுப்படி. கடைசி எழுத்துவரை படித்துப் பாருங்கள். முகம், அக்குள், தொடை இடுக்கில் டாக்டர்கள் ஸ்டீராய்டு கொடுத்தாலும் பெரும்பாலும் கீழ்ப்படியில்தான், அதுவும் சில நாட்களுக்கு.

போன வாரம் அம்மாவுக்குக் குதிகால் மறுபடி வெடித்தது. அதே டாக்டர் அதே க்ளோபெட்டசாலைத்தான் எழுதினார், இரண்டு வாரத்துக்கு. ட்யூபின் மேல் மார்க்கரால் "அம்மா கால் மட்டும்" என்று எழுதி, நிறுத்த வேண்டிய தேதியையும் போட்டு அம்மாவின் மாத்திரை டப்பாவுக்குள் வைத்திருக்கிறேன்.