அப்பாச்சியின் கொப்பித்தாள் கடிதம்

எங்கள் பிரயோக கணித மாஸ்டர் மாசி மாதம் காலமானார். செய்தி குழுவில் வந்த அன்று இரவு நான் நிலவறைக்குப் போய் ஒரு பழைய பிஸ்கட் தகரத்தைத் தேடி எடுத்தேன். அதற்குள் என் அப்பாச்சி 1971 புரட்டாசியில் எழுதிய கடிதம் இருக்கிறது. நினைவு மலருக்கு மாஸ்டரைப் பற்றி எழுதச் சொன்னார்கள். அந்தக் கடிதத்தை விட்டுவிட்டு அவரைப் பற்றி என்னால் எழுத முடியாது.

நம் வகுப்பாருக்கு அந்த அறிவிப்புப் பலகை நினைவிருக்கும். மண்டபத்து வேம்புக்கு நேரே, பிரேயர் மணிக்குக் கீழே. நான் பொறியியலுக்கு எடுத்தது 400க்கு 241. எனக்குக் கிடைக்கவில்லை. பலகைக்கு முன்னால் நின்ற இருபது பேருக்கு நடுவில் மாஸ்டர் என் தோளைத் தொட்டு, "பாலம் கட்டுவன் எண்டு சொன்னவர், இனி மேசனுக்குக் கல் எடுத்துக் குடுக்கலாம்" என்றார். எல்லோரும் சிரித்தார்கள். நிலையியலை அவரைப் போல் கற்பித்தவரை நான் பிறகு எங்கேயும் காணவில்லை. ஏணி சுவரில் சாய்ந்து நிற்கும் கணக்குக்கு வகுப்புக்கே ஏணி கொண்டு வந்து சாய்த்துக் காட்டிய மனிதர். அவர் வாயிலிருந்து வந்ததால்தான் அந்தச் சொல் அப்படி இறங்கியது.

அடுத்த வாரமே கொழும்புக்குப் போய்விட்டேன். வெள்ளவத்தையில் சித்தப்பா வீட்டு விறாந்தை. முதலில் மறுபடியும் சோதனை எடுக்கிறேன் என்று டியூசனில் சேர்ந்தேன். மூன்று வாரத்தில் விட்டேன். பிறகு வங்கிச் சோதனைக்குப் படித்தேன். அதையும் விட்டேன். சுருக்கெழுத்து, பிறகு கணக்கியல் மாலை வகுப்பு. ஒவ்வொன்றையும் தொடங்கிப் பதினைந்து நாளில், இதில் எனக்கு என்ன வரப்போகிறது என்ற பயம் வந்துவிடும். வீட்டுக்கு எழுதிய கடிதத்தில், எனக்கு ஒன்றும் விளங்கவில்லை, எங்கே போகிறேன் என்றே தெரியவில்லை என்று எழுதினேன். அப்பா பதில் போடவில்லை. அப்பாச்சி போட்டா.

அவ ஐந்தாம் வகுப்பு வரை சைவப் பள்ளிக்கூடத்தில் படித்தவ. என் பழைய கொப்பியில் கிழித்த இரண்டு தாள், பென்சில் எழுத்து. மேலே பிள்ளையார் சுழி. மெய்யெழுத்துக்குப் புள்ளி கிடையாது. 'லை'யும் 'னை'யும் தும்பிக்கை வைத்த பழைய எழுத்து. நலம் விசாரித்து முடிந்ததும் நேரே மாஸ்டரிடம் போகிறா:

"உன்ர கணக்கு வாத்தியார் போன செவ்வாய் சைக்கிளில வந்தவர். திண்ணையில இருந்து தேத்தண்ணி குடிச்சவர். பலகையடியில தான் சொன்னது கூடிப்போச்சு எண்டவர். அதை உன்னட்டச் சொல்ல வெக்கமாம். உனக்கு எழுதச் சொல்லேல்ல. நானாத்தான் எழுதிறன். தமிழில எழுதின பிள்ளையளுக்கு 250 வேணுமாம், சிங்களத்தில எழுதினா 227 காணுமாம். அப்ப 241 என்ன குறைவு ராசா? கதவை மாத்திப் போட்டவங்கள் வேற ஆக்கள். உன்ர தலையில பிழை இல்லை."

அதுவரைக்கும் நான் அந்த இரண்டு இலக்கங்களையும் பத்திரிகையில் பார்த்திருந்தும் என்னோடு சேர்த்துப் பார்க்கவில்லை. மொழிக்கு ஒரு வெட்டுப்புள்ளி வைத்த அந்தத் தரப்படுத்தலைப் பற்றிக் கோபப்பட்டவர்கள் பலர் இருந்தார்கள். எனக்கு வந்தது கோபம் அல்ல, வெட்கம். கதவை மாற்றிப் போட்டவர்கள் என்று அவ எழுதியதைப் படித்தபோதுதான் அந்த வெட்கம் என்னுடையதல்ல என்று விளங்கியது.

அடுத்த தாள் முழுக்கப் பனம் பாத்தி. ஆவணியில் மண்ணைக் கிளறிக் குவித்து மேடாக்கி, பனங்கொட்டைகளை நெருக்கமாக அடுக்கி மூடியாயிற்று என்கிறா. பிறகு எனக்கு ஏழு வயதில் நடந்ததை எழுதுகிறா. பாத்தி போட்டுச் சில கிழமை ஆகியும் மேலே ஒன்றும் முளைக்கவில்லை என்று நான் அழுது, அவ கோவிலுக்குப் போன நேரம் பதினொரு கொட்டையைத் தோண்டி எடுத்துவிட்டேன். பனை மற்ற விதைகளைப் போல் முதலில் மேலே வராது. கொட்டையிலிருந்து வெள்ளையாக ஒரு முளை நேரே கீழே இறங்கும். ஒரு சாணுக்கு மேல் போன பிறகு அதன் நுனியில்தான் கிழங்கு பருக்கும், இலை அதற்குப் பிறகு. மண் இறுகிக் கிடந்தால் கிழங்கு கோணிக் குட்டையாகிவிடும். அதனால்தான் பாத்தியை மேடாகவும் பொலபொலப்பாகவும் போடுவது. நான் இழுத்த பதினொன்றிலும் முளை ஒரு சாண் இறங்கியிருந்தது. எல்லாம் முறிந்துவிட்டது.

"நீ முறிச்சதுகளைத் திரும்பப் புதைச்சு வைச்சிருந்தாய். நான் கண்டனான், ஏசேல்ல. இப்பவும் நீ அதைத்தான் செய்யிறாய் மோனை. பதினைஞ்சு நாளைக்கு ஒருக்கா கிண்டிப் பாக்கிறாய். கணக்கு வகுப்பு நல்லதோ வங்கி நல்லதோ எனக்குத் தெரியாது. ஏதேனும் ஒண்டைப் பிடி. தை மட்டும் கிண்டாதை. என்ர அட்டியல் அடகில இருக்கு, நாலு மாசக் காசு சித்தப்பாட்டக் குடுத்திட்டன். தை பிறந்தா கிழங்கு கிண்டுவம், வந்து சேர்."

கடைசியில் ஓரத்தில், இடமில்லாமல் செங்குத்தாக ஒரு வரி: "மூண்டு கொட்டையைக் கிண்டாமல் வேலியோரம் விடுறன். ஆணோ பெண்ணோ எண்டு பூக்கிற மட்டும் தெரியாது."

நான் கணக்கியலைப் பிடித்தேன். அதுதான் பிடித்தது என்பதற்காக அல்ல, கடிதம் வந்த அன்று மாலை வகுப்பு இருந்தது, அவ்வளவுதான். தையில் எனக்கு முதல் சோதனை. ஊருக்குப் போகவில்லை. யாழ்தேவியில் வந்த மாமா ஒருவர் பனையோலைப் பெட்டியில் புழுக்கொடியல் கொண்டு வந்து தந்தார். 1975இல் லண்டன், பிறகு ரொறன்ரோ. அப்பாச்சி 1986 ஆடியில் போனா. செய்தி எனக்குக் கிடைத்தபோது அந்தியேட்டியும் முடிந்துவிட்டது.

யுத்தத்தில் மூடிக் கிடந்த பாதை திறந்த பிறகு 2004இல் போனேன். வேலியோரம் இரண்டு பனை நின்றது. ஒன்று காய்த்திருந்தது, ஒன்று ஆண். மூன்றாவதன் இடத்தில் அடிக்கட்டை. பங்கருக்குத் தறித்தார்களாம். மாஸ்டர் அப்போது இருந்தார், வீட்டுக்குப் போய்ப் பார்த்தேன். சைக்கிளில் வந்ததைப் பற்றி நான் கேட்கவில்லை, அவரும் சொல்லவில்லை. கேட்டிருக்கலாம். அவருக்கும் எனக்கும் நடுவில் இருந்த நன்றியை இரண்டு பேரும் சொல்லாமலே வைத்துக்கொண்டோம். இப்போது சொல்லத் தோன்றுகிறது, கேட்க அவர் இல்லை.

என் பேத்தி இந்த வருடம் பல்கலைக்கழகத்தை இரண்டாம் ஆண்டில் நிறுத்திவிட்டு எங்களோடு வந்திருக்கிறாள். சனிக்கிழமைத் தமிழ்ப் பள்ளியில் படித்தவள்தான், ஆனாலும் அப்பாச்சியின் எழுத்து அவளுக்குப் பிடிபடவில்லை. அதனால் போன ஞாயிறு சாப்பாட்டு மேசையில் இருந்து, புள்ளி வைத்து, இப்போதைய எழுத்தில் ஒரு பிரதி எடுத்துக் கொடுத்தேன். அவள் பக்கத்தில் இருந்து ஒவ்வொரு வரியாக உரக்க வாசித்துக்கொண்டு வந்தாள். "தை பிறந்தா கிழங்கு கிண்டுவம், வந்து சேர்" என்ற இடத்தில் நிறுத்தி, "நீங்கள் போனீங்களா அப்பப்பா?" என்று கேட்டாள்.

இல்லை என்றேன். அவள் அடுத்த வரிக்காகத் தாளைத் தன் பக்கம் இழுத்துக்கொண்டாள்.