மூன்றாவது மாடியிலிருந்து வந்த முட்டைப் படம்

ஏப்ரல் 5, 2025, சனி

இன்று 26 வீட்டுக்கும் முட்டை போய்ச் சேர்ந்தது. வாரம் வீட்டுக்குப் பத்து, மாதப் பணம் முன்கூட்டியே. அன்னூர்ப் பக்கம் எங்கள் தோட்டத்திலிருந்து சரவணம்பட்டி அடுக்குமாடிக்கு விடியற்காலையிலேயே கிளம்பிவிடுவேன், வெயில் ஏறிவிட்டால் வண்டிப் பெட்டிக்குள் அனல்தான். 60 கிராமப்பிரியாக் கோழி, 30 சிறுவிடை நாட்டுக்கோழி, கூடவே 8 சேவல். வாரத்துக்கு 300 முட்டை வரைக்கும் கிடைக்கிறது. 260-க்கு மேல் சந்தா எடுக்கவில்லை. உடைவதற்கும், கோழி திடீரென்று இடுவதைக் குறைப்பதற்கும் அந்த 40 வேண்டும்.

ஏப்ரல் 6, ஞாயிறு

காலை எட்டரைக்கு வாட்ஸ்அப் குழுவில் மூன்றாவது மாடி அக்கா ஒரு படம் போட்டார். கிண்ணத்தில் உடைத்த முட்டை, மஞ்சள் மேல் சிவப்பாக ஏதோ. “ஏங்க, இதுல குஞ்சு இருக்குதா? பையன் பார்த்துட்டு அழறான்” என்று எழுதியிருந்தார். அரை மணி நேரத்தில் நாலு வீட்டுக்காரர்கள் இந்த மாதம் வேண்டாம் என்றார்கள்.

உடனே அக்காவைக் கூப்பிட்டு மன்னிப்புக் கேட்டேன். கிட்டே வைத்து எடுத்த படம் ஒன்று அனுப்பச் சொன்னேன், ஏனென்றால் சிவப்பில் இரண்டு வகை உண்டு. ஒரே பொட்டாக, கிளை இல்லாமல் இருந்தால், மஞ்சள் கரு உருவாகி விடுபடும்போது சின்ன ரத்தநாளம் உடைந்ததால் வந்தது. சேவலே இல்லாத கோழி முட்டையிலும் அது வரும், எடுத்துப் போட்டுவிட்டுச் சாப்பிடலாம். ஆனால் அக்கா அனுப்பிய படத்தில் நடுவிலிருந்து சிலந்தி வலை மாதிரி நரம்பு பிரிந்து ஓடியது. கரு வளரத் தொடங்கிய முட்டை அது. கோழிச் சூட்டில் இரண்டு மூன்று நாள் இருந்தால்தான் அவ்வளவு நரம்பு ஓடும். என் முட்டைத் தட்டில் இருப்பது தினமும் எடுத்த முட்டை, அப்படி இருக்க வழியே இல்லையே என்று மனது கேட்கவில்லை.

ஏப்ரல் 7, திங்கள்

விடை கிடைத்தது. சோளத்தட்டுப் போருக்குப் பின்னால் ஒரு சிறுவிடை ரகசியமாக முட்டையிட்டு அடைக்கு உட்கார்ந்திருக்கிறது. வெள்ளிக்கிழமை அத்தை அதைப் பார்த்துவிட்டு, “வீணாப் போகுதே கண்ணு”ன்னு அதிலிருந்து ஏழெட்டை எடுத்து என் தட்டில் வைத்துவிட்டார். நல்ல மனதோடு செய்தது, அவர்மேல் கோபமில்லை. கிராமப்பிரியா லேசில் அடைக்கு உட்காராது. சிறுவிடை இருக்கிற இடத்தில் இப்படி ஒரு மறைவுக் கூடு இருக்கும் என்று நான்தான் நினைத்திருக்க வேண்டும்.

மீதி முட்டைகளோடு அந்தக் கோழியை ஒரு கொடாப்புக் கூடைக்குள் அப்படியே விட்டுவிட்டேன். சேவல்களைப் பிரித்துத் தனிப் பட்டியில் அடைத்தாயிற்று. ஆனால் இன்றே பலன் இல்லை. சேவலைப் பிரித்த பிறகும் விந்து கோழியின் உடம்பில் இரண்டு மூன்று வாரம் தங்கும், அதுவரைக்கும் கரு முட்டை வரத்தான் செய்யும்.

ஏப்ரல் 11, வெள்ளி

இரவு விளக்கை அணைத்துவிட்டு 220 முட்டையையும் ஒவ்வொன்றாக டார்ச் வைத்துப் பார்த்தேன். அகன்ற முனையில் வெளிச்சத்தை அழுத்திப் பிடித்தால் புது முட்டை முழுக்க ஒரே மாதிரி ஒளிரும், மஞ்சள் லேசான நிழல் மட்டும்தான். நரம்பு ஓடியிருந்தால் சிவப்பு நூல் தெரியும். ஒன்றும் மாட்டவில்லை. ஆனால் பழுப்பு ஓட்டில் வெளிச்சம் மங்கல்தான், முதல் நாள் வளர்ச்சி எந்த ஓட்டிலும் தெரியாது. அதனால் டார்ச்சை மட்டும் நம்ப முடியாது. காலை, மதியம், பொழுதோட என்று மூன்று முறை எடுக்கிறேன், எடுத்த தேதியைப் பென்சிலில் ஓட்டின் மேல் எழுதுகிறேன். கூட்டில் இல்லாமல் வேறெங்கே கிடைத்தாலும் அந்த முட்டை வீட்டுக்குத்தான், தட்டுக்கு இல்லை.

ஏப்ரல் 12, சனி

அக்கா வீட்டுக் கதவைத் தட்டி நேரிலேயே சொன்னேன். வாங்கியதும் ஃப்ரிட்ஜில் வைத்துவிடுங்கள், இந்த வெயிலில் சமையலறை மேடையில் வைத்தால் கரு முட்டை மெதுவாக வளரப் பார்க்கும் என்றேன். அடுத்த வீட்டுத் தாத்தா வந்து, “சேவல் இல்லாத முட்டையில என்னம்மா சத்து?” என்றார். சத்தில் வித்தியாசம் கிடையாதுங்க, தாத்தா என்றேன். முழுசாக ஒத்துக்கொள்ளவில்லை, ஆனால் சந்தாவை நிறுத்தவும் இல்லை.

மே 3, சனி

சேவலைப் பிரித்து 26 நாள். கொடாப்புக் கோழி ஆறு குஞ்சு பொரித்திருக்கிறது. நின்றுபோன நாலு வீட்டில் இரண்டு வீடு திரும்ப வந்துவிட்டது, இப்போது 24. மூன்றாவது மாடி அக்கா இன்று பென்சில் தேதியைப் பார்த்து முட்டைகளை வரிசையாக அடுக்கினார். பையன் “இது வெள்ளிக்கிழமை முட்டை” என்று ஒன்றைக் கையில் எடுத்து, ஆம்லெட் போடச் சொல்லி அம்மாவிடம் நீட்டினான்.