‘இன்ன’ வந்த பிறகு எழுவாய் எங்கே? மதிப்பெண் போகும் இடங்கள்

அரபு இலக்கணத்தில் ‘இன்ன’வும் அதன் சகோதரிகளான அன்ன, கஅன்ன, லாகின்ன, லைத்த, லஅல்ல ஆகியவையும் முன்னால் வந்தால் முப்ததாவுக்கு நஸ்பு, கபர் பழையபடி ரஃபு. ‘அல்பைத்து கபீருன்’ என்பது ‘இன்னல் பைத்த கபீருன்’ ஆகிவிடும். இதுவரை யாரும் தவறுவதில்லை. நஸ்பு என்றதும் நம் ‘ஐ’ உருபு நினைவுக்கு வந்து, இது செயப்படுபொருளோ என்று தடுமாறுவோம். இல்லை. பொருளில் அது எழுவாயேதான், இறுதி மட்டும் மாறுகிறது.

விடைத்தாளில் சிவப்பு மை கொட்டுவது அடுத்த இடத்தில். ‘ஃபில் பைத்தி ரஜுலுன்’ (வீட்டில் ஓர் ஆள் இருக்கிறார்) என்பதற்கு முன் ‘இன்ன’ சேர்க்கச் சொன்னால், அதற்குப் பிறகு கண்ணில் படும் முதல் பெயருக்கே கை ஃபத்ஹா போட்டுவிடும். அங்கே ‘பைத்தி’யைப் பிடித்திருப்பது ‘ஃபீ’. அதன் பிடியை ‘இன்ன’ தளர்த்தாது. ‘ஃபில் பைத்தி’ முன்னால் வந்த கபர். எழுவாய் பின்னால் நிற்கிறது. எனவே ‘இன்ன ஃபில் பைத்தி ரஜுலன்’. எழுதும்போது ‘ரஜுலன்’ கடைசியில் ஓர் அலிஃப் வேண்டும். ஹரகத் இல்லாத செய்தித்தாளிலும் அந்த அலிஃப் அச்சில் இருக்கும்; விட்டால் எழுத்துப் பிழை. ‘ஸய்யாரதன்’ போலத் தாமர்பூதாவில் முடிந்தால் அலிஃப் கிடையாது.

ஃபத்ஹாவையே தேடினால் இன்னொரு குழி. ‘அல்முஹந்திஸூன ஹாளிரூன’ (பொறியாளர்கள் வந்திருக்கிறார்கள்) என்பதில் நஸ்பின் அடையாளம் யா. ஆகவே ‘இன்னல் முஹந்திஸீன ஹாளிரூன’. ஓசைக்கு இசைந்து இரண்டாவதையும் ‘ஹாளிரீன’ ஆக்கிவிடுவதுதான் வழக்கமான தப்பு. பொறியாளர்கள் பெண்கள் என்றால் ‘இன்னல் முஹந்திஸாத்தி ஹாளிராத்துன்’. நஸ்பிலும் கஸ்ராவா என்று சந்தேகப்பட்டு அதை ஃபத்ஹாவாகத் திருத்தி மதிப்பெண் இழந்தவர்கள் உண்டு. ‘-ஆத்’ பன்மைக்கு நஸ்பிலும் கஸ்ராதான்.

கடைசியாக, ‘மா’ ஒட்டியிருக்கிறதா என்று பாருங்கள். ‘இன்னமா’ ஆனதும் ‘இன்ன’வின் வேலை நின்றுவிடும். குர்ஆன் 49:10இல் ‘இன்னமல் முஃமினூன இக்வத்துன்’ என்று வருகிறது, ‘முஃமினீன’ இல்லை.

ஷத்தா போடாத அச்சில் ‘லாகின்’னும் ‘லாகின்ன’வும் ஒரே மாதிரி தெரியும். அடுத்து வினைச்சொல் வந்தால் அது ‘லாகின்’, அதற்கு மாற்றும் சக்தி இல்லை. பெயர் வந்தால் அதன் இறுதியைப் பாருங்கள்: ‘முஹந்திஸீன’ என்று யாவோடு நின்றால் ‘லாகின்ன’, ‘முஹந்திஸூன’ என்று வாவோடு நின்றால் ‘லாகின்’.