ஒரு நாள் பாஸுக்கு கேப்ஷன் எழுதப் போய்ப் பட்ட பாடு

நான் கோவையில் ஃப்ரீலான்ஸாக எழுதிப் பிழைக்கிறவன். போன மாதம் பீளமேடு பக்கம் ஒரு கோ-வொர்க்கிங் இடத்துக்கு இன்ஸ்டாகிராம் கேப்ஷன் எழுதிக் கொடுத்தேன். ஒரே ஒரு போஸ்ட், பேசிய தொகை இரண்டாயிரம். அரை மணி நேர வேலை என்றுதான் ஒத்துக்கொண்டேன். பத்தொன்பது நாள் ஆனது. இதே மாதிரி வேலை எடுக்கிறவர்களுக்கு உதவும் என்பதால் நடந்ததை எழுதி வைக்கிறேன். கொஞ்சம் எரிச்சலோடுதான் எழுதுகிறேன், பொறுத்துக்கொள்ளுங்கள்.

அது இருபத்தெட்டு சீட் உள்ள சின்ன இடம். மாத வாடகைக்கு இருபது சீட் போய்விட்டது. மிச்சம் எட்டு சும்மா கிடக்கிறதே, ஃப்ரீலான்சர்களுக்கும் மாணவர்களுக்கும் ஒரு நாள் பாஸாகக் கொடுத்துப் பார்க்கலாம் என்பது உரிமையாளர் அண்ணாவின் யோசனை. போனிலேயே எல்லாம் சொன்னார். "தம்பி, வைஃபை இருக்குது, ஏசி இருக்குது, காபி இருக்குது, நல்லா ஜம்முனு எழுதுங்க." நானும் இடத்தைப் பார்க்காமலே ஜம்மென்று எழுதினேன். முதல் தப்பு அது.

முதல் கேப்ஷன் இப்படித் தொடங்கியது: "உங்கள் கனவுகள் சிறகு விரிக்க ஓர் அழகான இடம் காத்திருக்கிறது." இப்போது படித்தால் கூசுகிறது. அண்ணாவுக்கு மட்டும் ரொம்பப் பிடித்துப் போனது. நேரம், இடம் எல்லாம் ஆறாவது வரிக்குக் கீழே. இன்ஸ்டாகிராமில் கேப்ஷன் 2,200 எழுத்து வரை போகலாம் என்றாலும் திரையில் முதலில் தெரிவது தொடக்கம் மட்டும்தான். மிச்சம் "more" என்பதற்குப் பின்னால் ஒளிந்துகொள்ளும். அந்த மோரை யார் குடிக்கப் போகிறார்கள்?

தமிழில் எழுதுகிறவர்களுக்கு இதில் கூடுதலாக ஒரு அடி. முதல் 125 எழுத்து தெரியும் என்று ஆங்கிலத்தில் எழுதுகிறவர்கள் ஒரு கணக்கு சொல்வார்கள். கம்ப்யூட்டர் எண்ணுவது நாம் எண்ணுவது மாதிரி இல்லை. அது மெய்யின் புள்ளியையும் கொம்பையும் காலையும் தனித்தனியாக எண்ணும். "தமிழ்" நமக்கு மூன்று எழுத்து, அதற்கு ஐந்து. "ஃப்ரீலான்சர்" நமக்கு ஏழு, அதற்குப் பன்னிரண்டு. போதாததற்கு நம் வார்த்தைகள் அகலமானவை, திரையில் சீக்கிரம் வரி நிரம்பிவிடும். என் போனில் பார்த்தபோது "ஓர் அழகான" என்பதோடு வெட்டுப்பட்டிருந்தது. எதற்கு விளம்பரம் என்றே தெரியாது, ஏதோ கல்யாண மண்டபம் என்று நினைத்திருப்பார்கள்.

அண்ணா அதற்குள் ஆயிரம் ரூபாய் கட்டி போஸ்ட்டை பூஸ்ட் செய்துவிட்டார். இரண்டாவது தப்பு அது, என்னுடையது இல்லை. பூஸ்ட் ஓடிக்கொண்டிருக்கும்போது கேப்ஷனைத் திருத்த விடாது. திருத்த வேண்டுமென்றால் விளம்பரத்தை நிறுத்த வேண்டும். "காசு போட்டாச்சே தம்பி, ஓடி முடியட்டும்" என்றார். ஓடியது, ஐந்து நாள். அந்த ஐந்து நாளும் கமெண்டில் "எவ்வளவுங்க?", "எங்கேங்க?" என்று இரண்டே கேள்விதான். இவர் ஒவ்வொருவருக்கும் "மெசேஜ் பண்ணியிருக்கோம், பாருங்க" என்று பதில் போட்டுக்கொண்டிருந்தார். விலையை மறைத்தால் ஆர்வம் கூடும் என்று யாரோ சொல்லிக் கொடுத்திருக்கிறார்கள். முன்னூறு ரூபாய் சமாச்சாரத்துக்கு யார் மெசேஜில் பேரம் பேசிக்கொண்டிருப்பார்கள்?

சரி, அதையும் மீறி ஆள் வந்தார்கள். வந்த பிறகுதான் கூத்து.

ஒரு கல்லூரிப் பெண், அண்ணா மெசேஜில் சொன்ன விலையான ₹299-ஐ முன்கூட்டியே அனுப்பிவிட்டு வந்தார். கவுண்டரில் இருந்தவர் பதினெட்டு சதவீத ஜிஎஸ்டி சேர்த்து ₹352.82 ஆகிறது, இன்னும் ₹53.82 கொடுங்கள் என்றாராம். அந்தப் பெண் கொடுத்துவிட்டு உட்கார்ந்தார், ஆனால் சாயங்காலம் ஒரு நட்சத்திரம் போட்டு விமர்சனம் எழுதிவிட்டார். அவரைக் குறை சொல்ல முடியாது. கம்பெனிகளுக்கு விலை சொல்லும்போது "வரி தனி" என்பது வழக்கம், அவர்கள் அதைத் தாங்கள் கட்ட வேண்டிய ஜிஎஸ்டியில் கழித்துக்கொள்வார்கள். மாணவருக்கு அது நேராகக் கையை விட்டுப் போகிற காசு.

அடுத்து ஒருவர் சாயங்காலம் ஆறு மணிக்குப் பையோடு வந்து நின்றார். "நாள் முழுவதும்" என்று நான் எழுதியிருந்தேன். இடம் திறந்திருப்பது காலை ஒன்பதரை முதல் மாலை ஆறரை வரை. அவர் ராத்திரியெல்லாம் உட்கார்ந்து படிக்கலாம் என்று நினைத்திருக்கிறார். பாஸ் வாங்கிய நேரத்திலிருந்து இருபத்து நாலு மணி நேரம் என்று எடுத்துக்கொண்டவரும் உண்டு. இது முழுக்க என் தப்பு. பாஸ் விஷயத்தில் "நாள்" என்ற வார்த்தையை நம்பாதீர்கள், மணியைப் போடுங்கள்.

திங்கட்கிழமை பதிமூன்று பேர் வந்தார்கள், இருப்பது எட்டு சீட். ஐந்து பேர் திரும்பிப் போனார்கள், அதில் ஒருவர் திருப்பூரிலிருந்து பஸ் பிடித்து வந்தவர். "முன்பதிவு செய்யுங்கள்" என்ற ஒரு வரி கேப்ஷனில் இல்லை. அன்றைக்கு அண்ணா எனக்குப் போன் செய்து பேசியதை இங்கே எழுத முடியாது.

அப்புறம்தான் எனக்குப் புத்தி வந்தது. மறுநாள் நானே காசு கொடுத்து ஒரு பாஸ் வாங்கிக்கொண்டு போய் உட்கார்ந்தேன். அவரிடம் சொல்லவில்லை. ஹோப் காலேஜ் சிக்னலில் இறங்கிப் பதினைந்து நிமிடம் தேடினேன், ஏனென்றால் முகவரி என்று "அவினாசி ரோடு" மட்டும்தான் இருந்தது. அவினாசி ரோடு எவ்வளவு நீளம் என்று ஊர்க்காரர்களுக்குத் தெரியும். கேப்ஷனில் போட்ட மேப் லிங்க்கைத் தொட்டால் திறக்காது, வெறும் எழுத்தாகத்தான் கிடக்கும். அது புரொஃபைலில் இருக்க வேண்டும். கடைசியில் கீழே இருந்த பேக்கரிக்காரர்தான் வழி காட்டினார். அந்த பேக்கரிதான் அடையாளம் என்பது யாருக்கும் தோன்றவில்லை.

உள்ளே போனதும் இன்னும் சில விஷயம் தெரிந்தது. வைஃபைக்கு மொபைல் நம்பருக்கு ஓடிபி வரும், ஒரு பாஸுக்கு ஒரே கருவிதான். லேப்டாப்பில் போட்டால் போனுக்குக் கிடையாது. எட்டு சீட்டில் ஐந்துக்குத்தான் கையெட்டும் தூரத்தில் பிளக். வீடியோ கால் பேச ஒரு சின்னக் கண்ணாடி அறை இருக்கிறது, அதற்கு மாதச் சந்தாக்காரர்களுக்கே முன்னுரிமை. எனக்குப் பக்கத்தில் நான்கு மாணவர்கள் கூடிப் படித்தார்கள், அதாவது கூடிப் பேசினார்கள். எதிரே ஒரு ஃப்ரீலான்சர் ஹெட்போனை அழுத்திப் பிடித்துக்கொண்டு முறைத்தபடியே இருந்தார். இவர்கள் இருவரையும் ஒரே கேப்ஷனில் கூப்பிட்டது நான்தான். மாணவருக்கு வேண்டியது அமைதியான மேஜையும் குறைந்த விலையும். ஃப்ரீலான்சருக்கு வேண்டியது பேச ஒரு இடமும், மின்சாரம் போனால் ஓடுகிற யுபிஎஸ்ஸும், ஜிஎஸ்டி நம்பர் போட்ட பில்லும். ஒருவருக்குத் தேவையானதைச் சொன்னால் இன்னொருவருக்கு அது தொந்தரவாகக்கூட இருக்கலாம்.

குறிப்பெடுத்துக்கொண்டு அன்று மாலையே அண்ணாவிடம் உட்கார்ந்து பேசினேன். வரி உட்பட ஒரே விலை என்பதற்குத்தான் அதிகம் மல்லுக்கட்ட வேண்டியிருந்தது. "299-னு போட்டாத்தான் தம்பி கண்ணுக்குக் கம்மியாத் தெரியும்" என்றார். காகிதத்தில் எழுதிக் காட்டினேன். வெளியே ₹350 என்று சொல்லுங்கள், பில்லில் ₹296.61, வரி ₹53.39 என்று பிரித்துப் போடுங்கள், வரியைக் கழிக்க வேண்டியவர் கழித்துக்கொள்வார், மற்றவருக்கு வாசலில் அதிர்ச்சி இல்லை. இரண்டு ரூபாய் முப்பத்தொன்பது காசு உங்களுக்கு நட்டம், ஒரு நட்சத்திர விமர்சனம் அதைவிட நட்டம் என்றேன். கொஞ்ச நேரம் பேசாமல் இருந்துவிட்டு "சரி" என்றார். இந்தப் பத்தொன்பது நாளில் நான் ஜெயித்தது அந்த ஒரு இடம்தான்.

மாணவர்களுக்கு விலையைக் குறைப்பது என்றானதும், மாணவர் என்றால் யார் என்பதிலும் இழுபறி. கல்லூரி அடையாள அட்டை வேண்டும் என்று முதலில் வைத்திருந்தார். டிஎன்பிஎஸ்சிக்குப் படிக்கிறவரிடமும் சிஏ படிக்கிறவரிடமும் கல்லூரி அட்டை இருக்காதே என்றேன். ஹால் டிக்கெட்டோ பதிவுச் சீட்டோ காட்டினாலும் போதும் என்று முடிவானது.

கடைசியில் போனது இதுதான்:

"ஒரு நாள் சீட் ₹350, வரி உட்பட. மாணவர்களுக்கு ₹250.
பீளமேடு, ஹோப் காலேஜ் சிக்னல் பக்கம், பேக்கரி மாடியில்.
காலை 9.30 முதல் மாலை 6.30 வரை. இரவில் கிடையாது.
ஒரு நாளைக்கு எட்டு சீட்தான். முந்தின நாளே வாட்ஸ்அப்பில் சொல்லிவிட்டு வாருங்கள்.
வைஃபை ஒரு கருவிக்கு. யுபிஎஸ் உண்டு. இரண்டு காபி எங்கள் கணக்கு.
போன் பேச வராந்தா, வீடியோ காலுக்குக் கண்ணாடி அறை (அரை மணி, கேட்டு வாங்கவும்). மேஜையில் அமைதி.
மாணவர்கள் அடையாள அட்டை அல்லது ஹால் டிக்கெட் கொண்டு வரவும். ஜிஎஸ்டி பில் வேண்டுமானால் நம்பரை முன்பே அனுப்பவும்.
மேப்பும் வாட்ஸ்அப்பும் புரொஃபைலில்."

கனவும் இல்லை, சிறகும் இல்லை. அண்ணாவுக்குச் சப்பென்று இருந்தது, "நோட்டீஸ் போர்டு மாதிரி இருக்குதே" என்றார். ஆனால் விலையும் இடமும் முதல் இரண்டு வரியிலேயே வந்துவிட்டன. என் போனில், அவர் போனில், கவுண்டர் அக்காவின் பழைய சின்ன போனில் மூன்றிலும் திறந்து பார்த்து, முதல் வரி முழுதாகத் தெரிகிறதா என்று உறுதி செய்த பிறகுதான் போடவிட்டேன். இரண்டு நாள் கழித்துத்தான் பூஸ்ட், அதற்கு முன்னால் கைவைக்கக் கூடாது என்றும் சொல்லி வைத்தேன். நல்லவேளை.

போட்ட அன்று "எவ்வளவுங்க?" என்று ஒரு கமெண்ட்கூட வரவில்லை. எட்டு சீட்டும் வாட்ஸ்அப்பிலேயே நிரம்பின. மறுநாள் காலை ஒரே ஒரு கேள்வி வந்திருந்தது, டிஎன்பிஎஸ்சி படிக்கும் ஒருவரிடமிருந்து: "டிபன் பாக்ஸ் கொண்டு வந்து சாப்பிடலாங்களா?"

அதை நான் யோசிக்கவே இல்லை. அண்ணாவுக்குப் போன் போட்டேன், பின்பக்கம் ஒரு மேஜை இருக்கிறது, அங்கே சாப்பிடலாம் என்றார். திருத்தி அந்த வரியையும் சேர்த்தேன். பாக்கி இரண்டாயிரம் அன்று மாலை வந்தது, நான் வாங்கிய பாஸ் காசு அதில் சேரவில்லை.