எட்டு மாதம் மிச்சம்

"உங்க ஆபீஸ்லயே ஆர்ட்டிக்ளிங் பண்ணலாமா சார்?" என்றுதான் மதுரையிலிருந்து கனடா வந்த அந்த வக்கீல் கேட்டார்.

"உங்களுக்கு எதுக்கும்மா ஆர்ட்டிக்ளிங்? ஐகோர்ட் மதுரைக் கிளையில ஆறு வருஷம் நின்னிருக்கீங்க. விலக்கு கேட்டா குடுத்துடுவாங்க. எட்டு மாசம் மிச்சம்" என்றேன்.

நான் சொன்னதில் பொய் எதுவும் இல்லை. உரிமம் வாங்குவதற்கு முன் ஒரு வக்கீலிடம் எடுக்கும் பயிற்சிதான் ஆர்ட்டிக்ளிங்; ஒன்டாரியோவில் அது இப்போது எட்டு மாதம். இங்கிலாந்து வழிவந்த பொதுச் சட்ட முறை உள்ள நாடொன்றில் குறைந்தது பத்து மாதம் தொழில் செய்தவர்கள் அதிலிருந்து விலக்குக் கேட்டு, உரிமம் கொடுக்கும் லா சொசைட்டிக்கு விண்ணப்பிக்கலாம். இந்தியா பொதுச் சட்ட நாடு. அவருக்கு அந்தத் தகுதி ஏழு மடங்கு இருந்தது. ஆனால் அவர் கேட்டது விலக்கைப் பற்றி அல்ல. என் ஆபீஸில் ஓர் இடம் கேட்டார். அந்தக் கேள்விக்கு ஆம், இல்லை என்று எதையும் சொல்லாமல், வேறொரு கேள்விக்குச் சரியான பதிலைச் சொல்லி அனுப்பிவிட்டேன். நம் தொழிலில் இது கைவந்த வித்தைதான். கோர்ட்டில் செய்தால் திறமை என்பார்கள்.

அவர் என்னிடம் வந்தது 2024 கோடையில். அதற்கு முன்பே இரண்டு வருடம் போயிருந்தது. 2022இல் வந்து இறங்கியதும், வெளிநாட்டுச் சட்டப் படிப்பை எடைபோடும் என்.சி.ஏ. மதிப்பீட்டுக்கு விண்ணப்பித்திருக்கிறார். மதிப்பெண் பட்டியலைப் பல்கலைக்கழகமே நேரடியாக அனுப்ப வேண்டும், நம் கையால் கொடுத்தால் செல்லாது. ஊரில் இருந்த தம்பி தேர்வுப் பிரிவுக்கு நடந்து நடந்து அந்த உறையை அனுப்ப வைப்பதற்குள் நான்கு மாதம். அப்புறம் அறிக்கை வந்தது: ஐந்து தாள்கள், கூடவே சட்ட ஆய்வும் எழுத்தும் என்று ஒரு இணையப் பயிற்சி. அரசமைப்பு, குற்றவியல், நிர்வாகச் சட்டம், கனடியச் சட்ட அடிப்படைகள், தொழில் நெறி. இந்தியாவிலிருந்து வருகிறவர்களுக்கு இந்த ஐந்திலிருந்து பொதுவாகத் தப்ப முடியாது.

புத்தகத்தைத் திறந்து வைத்துக்கொண்டு எழுதும் மூன்று மணி நேரத் தேர்வு, ஐம்பது எடுத்தால் போதும். கேட்டால் சுலபமாகத்தான் தெரியும். அவர் தோற்ற ஒரே தாள் நிர்வாகச் சட்டம். ரிட் மனுக்களிலேயே ஆறு வருடம் வாழ்ந்தவர்! அவர் எழுதியதைச் சொல்லச் சொல்லிக் கேட்டேன். ஒரு வாரியம் ஒருவருடைய உரிமத்தை ரத்து செய்கிறது, என்ன செய்யலாம் என்பது கேள்வி. இயற்கை நீதி, தன்னிச்சையான முடிவு, பிரிவு 14 வாசனையோடு சமத்துவம் என்று மதுரையில் வாதாடுவதுபோல் அழகாக எழுதியிருக்கிறார். இங்கே திருத்துகிறவர் தேடுவது வேறு. நடைமுறை நியாயம் எவ்வளவு தேவை என்பதை 1999இன் பேக்கர் தீர்ப்பில் உள்ள காரணிகளை வைத்து ஒவ்வொன்றாக அளக்க வேண்டும். பிறகு முடிவின் சாரத்துக்குப் போய், நீதிமன்றம் எந்த அளவுகோலில் பார்க்கும் என்று சொல்ல வேண்டும். 2019இன் வாவிலோவ் தீர்ப்புக்குப் பிறகு 'நியாயமானதா' என்பதே தொடக்க அளவுகோல். அதிலிருந்து விலகி 'சரியானதா' என்று பார்க்க எந்த விதிவிலக்காவது பொருந்துகிறதா என்பதைக் காட்ட வேண்டும். அந்தப் படியைத் தாண்டிக் குதித்தவருக்கு, பதில் சரியாக இருந்தாலும் மதிப்பெண் விழாது. அனுபவம் இல்லாதவர் பாடத்தைப் படித்து எழுதிவிடுகிறார். அனுபவம் உள்ளவர் தனக்குத் தெரிந்ததை எழுதுகிறார்.

அடுத்த தேர்வு வரும்வரை காத்திருந்து, எழுதி, முடிவுக்கும் காத்திருந்து, தகுதிச் சான்றிதழ் வந்தபோது அந்த வருட ஜூன் உரிமத் தேர்வுகள் போய்விட்டன. அந்த நிலையில்தான் என் ஆபீஸுக்கு வந்தார்.

நவம்பரில் பேரிஸ்டர், சொலிசிட்டர் தேர்வுகள் இரண்டையும் எழுதினார். ஒவ்வொன்றும் நூற்றறுபது கொள்குறிக் கேள்விகள், நான்கரை மணி நேரம். அச்சிட்ட பக்கங்களைப் பயணப் பெட்டியில் போட்டு இழுத்துக்கொண்டு போனாராம். விலக்குக்காக மதுரையில் இருந்த இரண்டு சீனியர்களிடம் கடிதமும் வாங்கிவிட்டார். விலக்கும் கிடைத்தது. 2025 தொடக்கத்தில் வழக்கறிஞராகப் பதிவானார். வந்து இறங்கியதிலிருந்து கிட்டத்தட்ட மூன்று வருடம். இது நல்ல வேகம். 'இரண்டு வருடத்தில் முடித்துவிடலாம்' என்று சொல்கிறவர்கள் ஒரு தாள்கூடத் தோற்காதவர்கள், அல்லது தோற்றதை மறந்தவர்கள்.

ஆக, நான் சொன்ன யோசனை வேலை செய்தது. அப்படித்தான் ஒரு வருடம் நினைத்துக்கொண்டிருந்தேன்.

நேர்முகத்துக்குப் போன இடத்திலெல்லாம் அவரிடம் முதலில் கேட்டது ஒன்றுதானாம்: எங்கே ஆர்ட்டிக்ளிங் செய்தீர்கள்? விலக்கு பெற்றேன் என்றதும் பேச்சு வேறு பக்கம் போய்விடும். அந்த எட்டு மாதத்தைச் சட்டம் பயிற்சி என்கிறது. ஆபீஸ்கள் அதை ஆள் பார்க்கும் காலமாகத்தான் வைத்திருக்கின்றன. பல இடங்களில் உள்ளே பயிற்சி எடுத்தவரையே வேலைக்கு வைத்துக்கொள்கிறார்கள். மிச்சம் பிடித்த எட்டு மாதத்தில் ஒரு கதவும் சேர்ந்து போய்விட்டது.

தனியாக ஆபீஸ் போடலாமே என்று கேட்கலாம். உரிமம் இருக்கிறது, காப்பீடு கட்டலாம். ஆனால் வீடு கைமாறும் நாளில் என்ன செய்வார்? மதுரையில் சார்பதிவாளர் அலுவலக வாசலில் பத்திரம் எழுதுகிறவரிலிருந்து எல்லாரும் இருப்பார்கள். இங்கே பட்டாவை மாற்றுவது, அடமானத்தைப் பதிவது எல்லாம் வக்கீலின் மேஜையில், டெராவியூ என்ற மென்பொருளில். டிரஸ்ட் கணக்கில் வங்கியின் பணம் வந்ததா, விற்பவரின் பழைய கடன் அடைபடுமா, யார் முதலில் சாவியை விடுவது என்பதெல்லாம் பக்கத்தில் உட்கார்ந்து பார்த்தால்தான் வரும். என் சீனியர் பக்கத்தில் நான் பத்து மாதம் உட்கார்ந்திருந்தேன், சம்பளம் இல்லாமல். அந்தக் கசப்புதான் 'எதுக்கும்மா' என்று வாயில் வந்ததோ என்னவோ.

இல்லை, அது நானே எனக்குச் சொல்லிக்கொள்ளும் சமாதானம். அப்போது என் ஆபீஸில் ஒரே ஒரு கிளார்க். பயிற்சிக்கு ஆள் எடுத்தால் முதன்மை வழக்கறிஞராக அனுமதி வாங்க வேண்டும், பயிற்சித் திட்டம் கொடுக்க வேண்டும், கடைசியில் அவர் கற்றது பற்றி அறிக்கை எழுத வேண்டும். சம்பளமும் கொடுக்க வேண்டும், நான் பட்டதை இன்னொருவருக்குச் செய்ய மாட்டேன் என்று பீற்றிக்கொண்டவன் ஆயிற்றே. 'முடியாதும்மா' என்று சொல்லியிருந்தால் அவர் வேறு நாலு இடம் கேட்டிருப்பார். நான்கு மாதம் வகுப்பு, நான்கு மாதம் ஆபீஸ் என்று எல்.பி.பி. என்ற இன்னொரு வழியும் இருக்கிறதே, அதையாவது சொல்லியிருக்கலாம். அன்று அது ஞாபகத்துக்கு வரவில்லை என்று சொல்ல ஆசைதான்.

ஆனால் அவரும் வக்கீல். விலக்கு வேண்டாம் என்று அவரே முடிவு செய்திருக்கலாம். எட்டு மாதச் சம்பளம் அன்று அவர் வீட்டுக்கு எவ்வளவு பெரிதென்றும் எனக்குத் தெரியாது. எனக்கு அவ்வளவு செல்வாக்கு இருந்தது என்று நினைப்பதே ஒரு மமதையாக இருக்கலாம்.

போன மாதம் போன் செய்தார். இப்போது ஒரு நிறுவனத்தில் ஒப்பந்தங்களைச் சரிபார்க்கும் வேலை, வக்கீல் என்ற பெயர் இல்லாமல். உரிமத்தை விடவில்லை. நலம் விசாரித்துவிட்டு, "உங்க ஆபீஸ்ல இப்ப யாராவது ஆர்ட்டிக்ளிங் பண்றாங்களா சார்?" என்று கேட்டார்.

செப்டம்பரிலிருந்து ஒரு பையன் இருக்கிறான். இங்கேயே படித்தவன். வேலை கூடிவிட்டது, அதனால்தான் எடுத்தேன். "ஆமாம்மா, ஒருத்தன் இருக்கான்" என்றேன்.

"நல்லது சார். அவனுக்கு டெராவியூ நல்லாக் காட்டிக் குடுங்க" என்றார்.