ஐம்பது ஷாஃப்ட்டும் விடுபட்ட ஒரு பூஜ்யமும்

கோவையில் ஒரு உதிரிபாகத் தொழிற்கூடத்தின் தரப் பரிசோதனைப் பிரிவில் நான் வேலை பார்த்த காலம் அது. 25 மில்லிமீட்டர் விட்டமுள்ள ஷாஃப்ட் ஒன்று சிஎன்சி லேத்தில் ஓடிக்கொண்டிருந்தது. கூடவோ குறையவோ 20 மைக்ரான், அதாவது 0.02 மில்லிமீட்டர், வரை போகலாம், அதைத் தாண்டினால் ரிஜெக்ட். ஷிஃப்ட் முடிவில் ட்ரேயிலிருந்து 50 பீஸ் எடுத்து மைக்ரோமீட்டரில் அளந்து, எக்செல்லில் ஏற்றி, சராசரியும் திட்ட விலக்கமும் போட்டு அனுப்புவது என் வேலை.

ஒரு நாள் திட்ட விலக்கம் 13 மைக்ரான் என்று வந்தது. அப்படியென்றால் பீஸ்களில் கணிசமானவை எல்லைக்கு வெளியே போயிருக்க வேண்டும். ஆனால் அன்று ரிஜெக்ட் பெட்டி காலியாக இருந்தது. எங்கோ இடிக்கிறதே என்று பக்கத்துக் கட்டங்களில் இந்த இரண்டையும் போட்டுப் பார்த்தேன்:

```
=SKEW(B2:B51)
=KURT(B2:B51)
```

ஸ்க்யூனஸ் 4.64, கர்டோசிஸ் 28.04.

ஸ்க்யூனஸ் என்பது பரவல் எந்தப் பக்கம் இழுபட்டிருக்கிறது என்று சொல்லும் எண். இரு பக்கமும் சமமாக இருந்தால் 0. வலப்பக்கம், அதாவது பெரிய அளவுகளின் பக்கம், வால் நீண்டால் கூட்டல் எண் வரும், இடப்பக்கம் நீண்டால் கழித்தல் எண். இழுபட்டிருந்தாலே கோளாறு என்று முடிவு கட்டிவிடக் கூடாது. அதே ஷாஃப்ட் சுழலும்போது எவ்வளவு தள்ளாடுகிறது என்ற ரன்அவுட்டை அளந்தால் வலப்பக்கம் இழுபட்டுத்தான் இருக்கும், ஏனென்றால் ரன்அவுட் 0-க்குக் கீழே போக முடியாது. விட்டத்துக்கு அப்படி ஒரு சுவர் இல்லை. அங்கே 4.64 வந்ததுதான் உறுத்தியது.

கர்டோசிஸைப் பற்றிக் கல்லூரியில் படித்தது எனக்குத் தடையாகத்தான் இருந்தது. உச்சி கூராக இருந்தால் கர்டோசிஸ் அதிகம், தட்டையாக இருந்தால் குறைவு என்று மனப்பாடம் செய்திருந்தேன். தமிழிலும் அதைத் தட்டை அளவை என்றே சொல்கிறோம். அந்தப் பெயர் நம் கண்ணை நடுப்பகுதிக்குக் கொண்டு போய்விடுகிறது. ஆனால் இந்த எண்ணைத் தீர்மானிப்பது ஓரங்கள்தான். கணக்கைக் கையால் போட்டுப் பார்த்தால் இது விளங்கிவிடும்.

ஒவ்வொரு அளவும் சராசரியிலிருந்து எத்தனை திட்ட விலக்கம் தள்ளி இருக்கிறது என்று பார்க்க வேண்டும். அதை நான்காம் அடுக்குக்கு உயர்த்தி, எல்லாவற்றுக்கும் சராசரி எடுக்க வேண்டும். என் 50 அளவுகளில் 49-க்கு அந்தத் தூரம் 1-ஐக்கூட எட்டவில்லை. 1-க்குக் குறைந்த எண்ணை நான்காம் அடுக்குக்கு உயர்த்தினால் அது இன்னும் சுருங்கும், அதனால் அந்த 49-ம் சேர்ந்தே சுமார் 5-தான் தந்தன. மிஞ்சிய ஒரே ஒரு பீஸ் 6.1 திட்ட விலக்கம் தள்ளி நின்றது. அதன் நான்காம் அடுக்கு சுமார் 1,400. 50-ஆல் வகுத்தால் 28. ஆக, மொத்தக் கர்டோசிஸும் ஒரே பீஸின் கைவண்ணம். (மணி வடிவப் பரவலுக்கு இந்தச் சராசரி 3 வரும். எக்செல் அந்த 3-ஐக் கழித்துவிட்டு, மாதிரி சிறியது என்பதற்காக ஒரு திருத்தமும் செய்து காட்டும். இங்கே அந்தத் திருத்தம் கழித்த 3-ஐ ஏறக்குறைய ஈடுகட்டிவிட்டது. பைத்தானில் scipy.stats.kurtosis-ம் 3-ஐக் கழித்தே தருகிறது, ஆர் மொழியின் moments தொகுப்பு கழிக்காமல் தருகிறது. எந்த மென்பொருள் என்று தெரியாமல் கர்டோசிஸைப் படிக்கவே கூடாது.)

இதில் எனக்கு மிகவும் பயன்பட்ட ஒரு விஷயம் உண்டு. 49 அளவுகள் ஒன்றுபோல இருந்து ஒன்று மட்டும் விலகியிருந்தால் எக்செல் தரும் கர்டோசிஸ் சரியாக 50, அதாவது எத்தனை அளவுகளோ அதே எண். ஸ்க்யூனஸ் அதன் வர்க்கமூலம், 7.07. ஆகவே கர்டோசிஸ் மாதிரியின் எண்ணிக்கையில் பாதியைத் தாண்டினாலே ஓரிரு பீஸ்களைத்தான் முதலில் சந்தேகிப்பேன்.

அந்த ஒரு பீஸ் 25.08 என்று பதிவாகியிருந்தது. ஆபரேட்டரிடம் காட்டினேன். "இது நடக்காதுங்க சார். 80 மைக்ரான் கூடியிருந்தா கோ கேஜ்ல நுழைஞ்சே இருக்காதுங்களே" என்றார். சரியான பேச்சு. மேல் எல்லையைத் தாண்டிய ஷாஃப்ட்டை உள்ளே விடாத அளவுக் கருவிதான் கோ கேஜ். கையால் எழுதிய தாளை எடுத்துப் பார்த்தால் 25.008. ஏற்றும்போது ஒரு பூஜ்யம் விட்டுப்போயிருக்கிறது.

திருத்தினேன். திட்ட விலக்கம் 6.4 மைக்ரானுக்கு இறங்கியது, ஸ்க்யூனஸ் ஏறக்குறைய 0. அப்பாடா என்று அறிக்கையை அனுப்பப் போனேன். ஆனால் கர்டோசிஸ் −1.67 என்று நின்றது.

இந்த எண்ணை நான் கண்டுகொள்ளாமல் விட்டிருக்கக்கூடும். எல்லா அளவுக்கும் சம வாய்ப்புள்ள, பலகை போலத் தட்டையான பரவலுக்கே கர்டோசிஸ் −1.2-தான். அதற்கும் கீழே போவதென்றால் நடுப்பகுதி குழிந்திருக்க வேண்டும். அடிமட்டம் −2, பீஸ்கள் பாதிக்குப் பாதி இரண்டே அளவுகளில் குவிந்திருந்தால் வருவது. 50 அளவுகளுக்குத் தற்செயலான ஆட்டம் 24/50-இன் வர்க்கமூலம், அதாவது 0.7. அதன் இருமடங்கான 1.4-ஐயும் தாண்டியிருந்தது. பத்துப் பீஸ் மட்டும் அளந்திருந்தால் இந்த எண்ணுக்கு நான் மதிப்பே கொடுத்திருக்க மாட்டேன்.

அப்புறம்தான் ஹிஸ்டோகிராமுக்குப் போனேன். திருத்துவதற்கு முன்பு எக்செல் வரைந்த படம் இன்னும் திரையில் இருந்தது: இடது ஓரத்தில் 26 பீஸும் 23 பீஸுமாக இரண்டு உயரமான பட்டைகள், நீண்ட வெற்றிடம், கடைசியில் ஒரு பீஸ். அந்த ஒற்றைத் தவறு பட்டையின் அகலத்தை 12 மைக்ரானுக்கு மேல் விரித்துவிட்டது, உண்மையான அளவுகள் அத்தனையும் இரண்டு பட்டைக்குள் அமுங்கிவிட்டன. திருத்திய பின் எக்செல் தானே போட்டது 6 மைக்ரான் அகலம்: 22, 4, 21, 3. இதிலேயே நடுவில் பள்ளம் தெரிந்தது. அகலத்தை 2 மைக்ரானாக்கினேன். −6-இல் ஒரு மேடு, +6-இல் ஒரு மேடு, சரியாக 25.000-இல் ஒரு பீஸ்கூட இல்லை.

எண்ணை மட்டும் பார்த்திருந்தால் குழிவு என்று தெரிந்திருக்கும், எங்கே என்று தெரிந்திருக்காது. படத்தை மட்டும், அதுவும் முதலில் வந்த அகலத்திலேயே, பார்த்திருந்தால் எழுத்துப்பிழை மட்டும்தான் கண்ணில் பட்டிருக்கும். அதனால் இன்றுவரை படத்தை மூன்று அகலங்களில் வரையாமல் நான் எந்த எண்ணுக்கும் பொருள் சொல்வதில்லை.

காரணம் தளத்திலேயே இருந்தது. அந்த ஷாஃப்ட் இரண்டு லேத்தில் ஓடியது, இரண்டும் ஒரே ட்ரேயில் விழுந்தன. பீஸ்களைப் பிரித்து அளந்தோம். ஒவ்வொரு மெஷினிலும் திட்ட விலக்கம் வெறும் 2 மைக்ரான், ஆனால் ஒன்றின் டூல் ஆஃப்செட், அதாவது வெட்டுளி நிற்கும் இடத்துக்கான திருத்தம், 6 மைக்ரான் கீழேயும் மற்றதன் ஆஃப்செட் 6 மைக்ரான் மேலேயும் இருந்தது. 6.4 என்ற திட்ட விலக்கம் இரண்டில் எந்த மெஷினுக்கும் சொந்தமானதல்ல. அனுமதித்த 40 மைக்ரான் அகலத்தை ஆறு திட்ட விலக்கத்தால் வகுத்து வரும் Cp-ஐ அதை வைத்துப் போட்டால் 1.04, போதாத மெஷின் என்றுதான் படும். தனித்தனியாகப் போட்டால் 3-க்கு மேல்.

ஆஃப்செட்டைச் சரி செய்து மறுநாள் 50 பீஸ் எடுத்தோம். ஒரே மேடு, கர்டோசிஸ் −0.6, அந்த 0.7 ஆட்டத்துக்குள்ளேயே. எக்செல் தாளில் விட்டத்துக்கு இடப்பக்கம் மெஷின் எண் என்று ஒரு பத்தியை அன்று சேர்த்தேன்.